தவில் அடியையும் கீறல் சத்தத்தையும் பிரித்தறிதல்: எல்.பி. இசைத்தட்டைக் கணினிக்கு மாற்றும் முறை

என் பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து எனக்கு வந்து சேர்ந்த எல்.பி. இசைத்தட்டுகளில், முதலில் கணினிக்கு மாற்றியது ஒரு நாதஸ்வரத் தட்டு. வேலை முடிந்து கேட்டபோது கீறல் சத்தம் ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். மூன்றாம் நாள் அதே தட்டை ஊசி வைத்து நேரடியாகக் கேட்டேன். வலந்தலையில் விழும் தவில் அடி அறை முழுக்கத் தெறித்தது. கணினியில் இருந்த என் பதிவிலோ அதே அடி, துணியைச் சுற்றிய கோலால் அடித்ததுபோல் மொத்தையாகக் கேட்டது. கீறல் சத்தத்தை நீக்கும் கருவி, தவில் அடியின் முனையையும் சேர்த்து நீக்கியிருந்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த வேலையில் சிக்கலான இடங்கள் மூன்று: பதிவின் ஒலி அளவு, கிளிக் நீக்கம், பாட்டுப் பாட்டாகப் பிரிப்பது. அந்த நாதஸ்வரத் தட்டை இரண்டாம் முறை ஒழுங்காக மாற்றிய விதத்தையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். மென்பொருள் ஆடாசிட்டி. இலவசமாகக் கிடைப்பது. நான் சொல்லும் மெனுப் பெயர்கள் அதன் மூன்றாம் பதிப்பு வரிசையில் உள்ளவை.

தட்டிலிருந்து கணினி வரை

டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. வழக்கமான காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதோடு, தட்டை வெட்டும்போதே கீழ்ஸ்தாயி ஒலியைக் குறைத்தும் மேல்ஸ்தாயி ஒலியைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். கீழ்ஸ்தாயி ஒலியை முழு அளவில் வெட்டினால் தடம் அகலமாக அசையும், ஒரு பக்கத்தில் இருபது நிமிட இசை அடங்காது. 1950களின் நடுவிலிருந்து இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவீடு புழக்கத்துக்கு வந்தது. இந்த ஏற்றத்தாழ்வைத் திருப்பிச் சமன் செய்து, மின்சாரத்தையும் பெருக்கித் தருவது போனோ ப்ரீ-ஆம்ப் என்ற சிறு பெட்டி. சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இருக்கும். பின்புறத்தில் `PHONO / LINE` என்று ஒரு சுவிட்ச் இருந்தால் உள்ளே ப்ரீ-ஆம்ப் இருக்கிறது என்று பொருள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் `PHONO` என்று எழுதிய துளைக்குப் பின்னால் இருப்பதும் இதுதான்.

இதில் நேரும் தவறைக் காதே சொல்லிவிடும். ப்ரீ-ஆம்ப் இல்லாமல் பதிவு செய்தால் இசை மெலிந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ப்ரீ-ஆம்ப் இருமுறை வந்துவிட்டால், அதாவது டர்ன்டேபிளில் `LINE` வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையரின் `PHONO` துளையில் செருகினால், ஒலி கரகரத்துக் கும்மென்று அடைத்துக் கேட்கும். இரண்டையும் பின்னால் மென்பொருளில் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். கம்பியை மாற்றிச் செருகுங்கள்.

ப்ரீ-ஆம்பிலிருந்து கணினிக்கு ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். அதில் இடம், வலம் இரண்டுக்கும் லைன் உள்ளீடு இருக்க வேண்டும், முன்பக்கத்தில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். மடிக்கணினியின் மைக் துளை இதற்கு உதவாது. பெரும்பாலான மடிக்கணினிகளில் அது ஒற்றை வழி மைக்குக்கானது. லைன் அளவு மின்சாரம் அதற்கு மிக அதிகம்.

டர்ன்டேபிளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய எர்த் வயர் வந்தால் அதை ப்ரீ-ஆம்பின் எர்த் திருகில் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் இசைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நாதஸ்வரத் தட்டில் ஒத்து ஊதும் சுருதி இடைவிடாமல் இருப்பதால், பதிவின்போது இந்த ரீங்காரம் காதுக்குத் தப்பிவிடும். பாட்டு முடிந்த பிறகுதான் தெரியும். ஆகவே தட்டு சுழலாமல், ஊசி மேலே இருக்கும்போதே ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது ஸ்பீக்கரைச் சத்தமாக வைக்காதீர்கள். அதன் அதிர்வு மேசை வழியே ஊசிக்கு ஏறிப் பதிவில் கலந்துவிடும். ஹெட்போன் போதும்.

சுத்தம் செய்வது கணினிக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை

தூசியால் வரும் கிளிக்கும் கீறலால் வரும் கிளிக்கும் பதிவில் ஒரே மாதிரிதான் இருக்கும். தூசியைக் கழுவினால் போய்விடும், கீறல் போகாது. கழுவாமல் பதிவு செய்தால் இரண்டையும் மென்பொருளிடம் விட வேண்டியிருக்கும். அப்போது மென்பொருளைக் கடுமையாக வேலை வாங்குவீர்கள், இசையும் சேதமாகும். என் முதல் தோல்விக்குப் பாதிக் காரணம் இதுதான்.

காய்ச்சி வடித்த நீர் மூன்று பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு. மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் தடம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடித்த நீரால் மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசியைவிடப் பல மடங்கு தடித்த முனை வேண்டும். அந்தத் தட்டுகளை இந்தக் கட்டுரையின் முறையில் மாற்ற முனைய வேண்டாம்.

ஒலி அளவு: எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது?

ஆடாசிட்டியில் `Audio Setup` பொத்தானை அழுத்தி, பதிவுக் கருவியாக உங்கள் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். `2 (Stereo)` இருக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் `Host` என்ற இடத்தில் `Windows WASAPI` வையுங்கள். வேறு தேர்வுகளில் 24 பிட் பதிவு 16 பிட்டாகக் குறுகிவிடக்கூடும். வேகம் `44100 Hz`, வடிவம் `32-bit float`. விண்டோஸின் ஒலி அமைப்புகளில் `Audio enhancements` என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது பேச்சுக்கானது. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஒத்து ஊதலையே விழுங்கும்.

இனி அளவு. டிஜிட்டல் பதிவின் உச்சம் 0 டெசிபெல். அதற்கு மேல் எதுவும் கிடையாது. அளவுமானி -6, -12 என்று கீழ்நோக்கிக் காட்டும். 0-வைத் தொட்ட அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட பகுதி எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. ஆகவே எந்தக் கருவியும் அதை உண்மையாக மீட்டுத் தராது.

அப்படியானால் எவ்வளவு கீழே வைப்பது? பலர் 0-வுக்கு மிக அருகில் வைக்க முயல்கிறார்கள். நாடாவில் பதிவு செய்த காலத்துப் பழக்கம் அது. நாடாவின் சொந்த இரைச்சலுக்கு மேலே இசையை நிறுத்த அன்று அது தேவைப்பட்டது. இன்று நிலைமை வேறு. எல்.பி. தட்டில் மிக உரத்த ஒலிக்கும் தட்டின் சொந்தச் சலசலப்புக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 60 முதல் 70 டெசிபெல். 16 பிட் பதிவே 96 டெசிபெல் இடம் தருகிறது, 24 பிட் அதைவிட மிக அதிகம். உச்சத்தில் 6 அல்லது 8 டெசிபெல் காலியாக விட்டாலும் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. தட்டின் சலசலப்புக்கு அடியில் இருக்கும் வெற்றிடம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவே. ஆகவே இசையின் உச்சம் -6க்கும் -9க்கும் இடையில் விழும்படி வையுங்கள்.

உச்சம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பதிவு அளவுமானியில் கண்காணிப்பு வசதியை இயக்கினால் பதிவு தொடங்காமலேயே அளவைக் காட்டத் தொடங்கும். என் தட்டில் முதல் பக்கம் மல்லாரியில் தொடங்குகிறது. நாதஸ்வரம் முதல் நொடியிலேயே உரத்து வந்ததால், அதை வைத்து -6 என்று திருகை நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்து கீர்த்தனையில் தவில் முத்தாய்ப்பு வைத்தபோது மானி 0-வில் போய் முட்டியது. அந்தப் பதிவை வீச வேண்டியதாயிற்று. நாதஸ்வரம் எவ்வளவு உரத்தாலும் அதன் அலை ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கிறது. தவில் அடி ஒரு கணம் மட்டும் எழுந்து நாதஸ்வரத்தைத் தாண்டிப் போகிறது. காதுக்கு எது உரத்துக் கேட்கிறதோ அதுவே மானியில் உயர்ந்திருக்கும் என்று நம்பக் கூடாது.

இரண்டாம் முறை, இரண்டு பக்கங்களையும் முழுமையாக ஓடவிட்டு மானியை மட்டும் பார்த்தேன். மானி தான் தொட்ட மிக உயர்ந்த இடத்தில் ஒரு கோட்டை நிறுத்திவைக்கும். முக்கால் மணி நேரம் ஆகிறதே என்று தோன்றலாம். தட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், எங்கெங்கே கீறல் இருக்கிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம். அதற்கு நேரம் இல்லாவிட்டால், இரண்டு பக்கங்களிலும் தவில் தனித்து வரும் இடங்களையும் ஒவ்வொரு பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். என் தட்டில் இரண்டாம் பக்கத்தின் உச்சமே அதிகம். அது -6.2க்கு வரும்படி திருகை வைத்தேன். முதல் பக்கத்தின் உச்சம் -7 ஆயிற்று. அதன் பிறகு இரண்டு பக்கமும் முடியும்வரை திருகைத் தொடவில்லை. நடுவில் மாற்றினால் ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் ஒலி உயரம் மாறிவிடும்.

அளவை எப்போதும் இன்டர்ஃபேஸின் திருகால் மட்டும் குறையுங்கள். கணினித் திரையில் உள்ள நகர்த்தியால் குறைத்தால் ஒரு மோசமான ஏமாற்று நேரும். இன்டர்ஃபேஸுக்குள் அலை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும், திரையில் மானியோ -5 என்று நல்லபிள்ளையாகக் காட்டும். கண்டுபிடிக்க வழி, அலையை நன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பது. தலைகள் எல்லாம் ஒரே உயரத்தில் கத்தியால் சீவியதுபோல் இருந்தால் வெட்டு நடந்திருக்கிறது. ஒலி கரகரக்கிறது, ஆனால் தலைகள் உருண்டையாகவே இருக்கின்றன என்றால் கோளாறு அளவில் இல்லை. ஊசி தேய்ந்திருக்கலாம், ஊசியைத் தாங்கும் கையின் எடை குறைவாக இருக்கலாம், அல்லது பாட்டு லேபிளுக்கு அருகில் உள்ளதாக இருக்கலாம். உள்வட்டத்தில் தடத்தின் வேகம் குறைவதால் அங்கே தெளிவு இயல்பாகவே குறையும்.

பதிவு

ஊசியை இறக்கும் முன்பே `R` விசையை அழுத்துங்கள். பக்கம் முடிந்து ஊசியைத் தூக்கிய பிறகு நிறுத்துங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். ஒரு பக்கத்தை ஒரே ஓட்டமாக எடுத்துவிட்டால் பின்னால் எல்லாமே எளிது. கணினி உறங்கிவிடாதபடி அமைத்துவிடுங்கள். இந்த வடிவத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 எம்.பி. ஆகும். 22 நிமிடப் பக்கம் ஒன்று 460 எம்.பி.யைத் தாண்டும்.

பதிந்ததும் எதையும் தொடாமல் அப்படியே, ஒலி இழப்பின்றிச் சுருக்கும் 24 பிட் FLAC கோப்பாக ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். என்னிடம் அந்தப் பிரதி முதல் முறை இல்லை. அதனால்தான் முழுத் தட்டையும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் தடம் கொஞ்சம் தேய்கிறது.

கிளிக் நீக்கம்

முதலில் `Effect` மெனுவில் `High-Pass Filter` எடுத்து 25 ஹெர்ட்ஸ், `24 dB` என்று வைத்து முழுப் பக்கத்துக்கும் கொடுங்கள். தட்டு வளைந்திருந்தால் ஊசி ஏறி இறங்குவதால் காதுக்குக் கேட்காத மெதுவான அலை ஒன்று பதிவில் ஓடும். அது போய்விடும்.

கிளிக் என்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கில் எழுந்து விழும் ஊசிமுனை போன்ற அலை. `Effect` > `Noise Removal and Repair` > `Click Removal` என்ற கருவி, சுற்றியுள்ள ஒலியைவிடத் திடீரென்று எழும் குறுகிய முனைகளைத் தேடி, அந்த இடத்தை இருபுறத்திலும் உள்ள அலையைக் கொண்டு நிரப்புகிறது. அதற்கு இரண்டு அளவுகள். `Threshold` குறையக் குறையக் கருவி கடுமையாகும், சிறிய முனைகளையும் பிடிக்கும். `Max Spike Width` கூடக் கூட அகலமான முனைகளையும் கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். மென்பொருள் தானாகத் தருவது 200, 20.

தவிலில் பிரச்சினை எங்கே வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். வலந்தலையை வாசிக்கும் விரல்களில் கெட்டியான கூடுகள் மாட்டியிருக்கும். கூடு தோலில் படும் கணத்தில் எழும் அலை, கீறலின் அலையைப் போலவே செங்குத்தாக எழுகிறது. கடத்துக்கும் இது பொருந்தும், மிருதங்கத்தின் சாப்புக்கும் ஓரளவு பொருந்தும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே கருவி எதை நீக்கியது என்பதைத் தனியாகக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகப் பயன்பட்டது இதுதான்.

தவில் நன்றாக ஒலிக்கும், கீறலும் இருக்கும் ஒரு முப்பது நொடிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்துங்கள். கீழே அதே பகுதியின் நகல் வரும். நகலுக்கு மட்டும் `Click Removal` கொடுங்கள். பிறகு மேலே உள்ள மூலத்தில் அதே முப்பது நொடியை மட்டும் தேர்ந்தெடுத்து `Effect` > `Special` > `Invert` கொடுங்கள். அலை தலைகீழாகும். இப்போது இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டிலும் ஒன்றாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது கருவி நீக்கிய ஒலி மட்டும்.

மிஞ்சியதில் 'டிக்', 'டப்' என்று தாளமில்லாத சத்தங்கள் மட்டும் கேட்டால் அளவு சரி. அதில் தாளம் கேட்டால் நிறுத்துங்கள். அது தவில். 200-இல் எனக்கு மிஞ்சிய ஒலியில் ஃபரன் என்ற வேகச் சொற்கட்டு ஒன்று முழுவதும் எண்ணிச் சொல்லும் அளவுக்குத் தெளிவாகக் கேட்டது. மனம் உடைந்த இடம் அது. முதல் பதிவில் இதையெல்லாம்தான் நான் தூக்கி எறிந்திருந்தேன். `Ctrl+Z` அழுத்தித் தொடக்க நிலைக்குத் திரும்பி, 300 வைத்து எல்லாவற்றையும் மீண்டும் செய்தேன். இன்னும் சில அடிகள் கேட்டன. 380-இல் கீறல் சத்தம் மட்டும் மிஞ்சியது. `Max Spike Width` 20-ஆகவே இருந்தது. உங்கள் தட்டுக்கு இந்த எண் பொருந்தாது, முறைதான் பொருந்தும். சோதனை முடிந்ததும் `Ctrl+Z` அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். மூலம் தலைகீழாகவே இருந்துவிடக் கூடாது.

முழுப் பக்கத்துக்கும் ஒரே எண் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. என் தட்டில் தோடி ஆலாபனையின் பெரும்பகுதியில் தவில் இல்லை. அங்கே கிளிக் அதிகமாகவும் உறுத்தும். அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து 220-இல் கொடுத்தேன். அங்கும் மிஞ்சிய ஒலியைக் கேட்ட பிறகுதான். நாதஸ்வரத்தின் கூரிய நாதமே சில இடங்களில் முனை முனையாக எழும். கருவி அதைக் கடித்தால், மிஞ்சிய ஒலியில் மெல்லிய கரகரப்பாக ராகத்தின் சாயல் கேட்கும்.

380-இல் விட்டதால் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிளிக்குகள் தப்பிவிட்டன. அவற்றைக் கையால் நீக்கினேன். தவிலுக்கு நடுவே கிளிக்கை எப்படி அடையாளம் காண்பது? எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்குச் சரியாக 1.8 நொடி. குறுக்கே விழுந்த கீறல் பல தடங்களை வெட்டியிருக்கும் என்பதால் அதன் சத்தம் 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். ஒரு கிளிக்கைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு 1.8 நொடி முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள், உடன்பிறப்புகள் அங்கே இருக்கும். தவிலின் காலப்பிரமாணம் அந்த இடைவெளியோடு ஒத்துப்போவது அரிது. 45 சுற்றுத் தட்டுக்கு இந்த இடைவெளி 1.33 நொடி.

தடத்தின் மெனுவில் `Spectrogram` காட்சிக்கு மாறினால் இன்னும் தெளிவு. கிளிக் அடி முதல் நுனி வரை தலைமயிர் போன்ற ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாக நிற்கும். தவில் அடியும் கோடாகத்தான் தொடங்கும். ஆனால் அதன் கீழ்ப்பகுதியில் தோலின் நாதம் வால்போல் வலப்புறம் நீளும். வால் இருந்தால் தொடாதீர்கள்.

இடம் தெரிந்ததும் அலைக்காட்சிக்குத் திரும்பி, தனித்தனிப் புள்ளிகள் தெரியும்வரை பெரிதாக்கி, கிளிக்கின் முனையை மட்டும் தேர்ந்தெடுத்து `Repair` கொடுங்கள். அது 128 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது, அதாவது ஏறக்குறைய 3 மில்லிநொடி. கிளிக்கின் இரு ஓரத்திலும் நல்ல அலை கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் கருவி நடுவை வரைகிறது. ஆழமான கீறலில் முனைக்குப் பிறகு 'டொம்' என்ற தாழ்ந்த அதிர்வு நீளமாகத் தொடரும். அதை `Repair` தீர்க்காது. முனையை மட்டும் எடுத்துவிட்டு அதிர்வை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

தொடர்ந்து கேட்கும் 'சர்ர்' என்ற சலசலப்பு வேறு. அதற்கு `Noise Reduction` இருக்கிறது. தட்டின் தொடக்கத்தில் இசை வருமுன் உள்ள வெறுந்தடத்தை மாதிரியாகக் கொடுத்து இயக்குவது அதன் முறை. நாதஸ்வரத் தட்டில் அதை நான் பயன்படுத்துவதில்லை. ஒத்தின் மேல் ஒலிக்கும் மெல்லிய காற்றோட்டத்தையும் அது சேர்த்து எடுத்துவிடுகிறது. பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் 6 டெசிபெலுக்கு மேல் போகாதீர்கள். நீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் சிறு குமிழிச் சத்தம் தொடங்கினால் அளவு மீறிவிட்டது.

பழைய தட்டுகள் பல ஒற்றை வழி, அதாவது மோனோ. உறையில் அப்படி எழுதியிருந்தால், கிளிக் நீக்கிய பிறகு `Tracks` > `Mix` > `Mix Stereo Down to Mono` கொடுங்கள். மோனோத் தட்டில் இசை தடத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சல் இரண்டு வழிகளிலும் எதிரெதிராகப் பதிவாகும். இரண்டையும் சேர்க்கும்போது அது தன்னாலேயே அழிந்துவிடும். இதைவிடச் சேதமில்லாத இரைச்சல் குறைப்பு எனக்குத் தெரியாது.

ஒலியை உயர்த்துவதைக் கிளிக் நீக்கிய பிறகே செய்ய வேண்டும். முதல் பக்கத்தில் மிகப் பெரிய கிளிக் -2-இல் இருந்தது, இசையின் உச்சம் -7. முன்னதாக உயர்த்தியிருந்தால் 2 டெசிபெல் உயர்த்தியதுமே கிளிக் உச்சத்தை எட்டியிருக்கும். நீக்கிய பிறகு `Amplify` கொண்டு இரண்டு பக்கங்களையும் 5 டெசிபெல் உயர்த்தினேன். ஒன்று -2க்கும் மற்றது -1.2க்கும் வந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே -1 வரை உயர்த்தாமல் இரண்டுக்கும் ஒரே 5 கொடுத்ததைக் கவனியுங்கள். தட்டில் இருந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது.

பாட்டுப் பாட்டாகப் பிரித்தல்

அமைதியைத் தேடித் தானாகவே பிரிக்கும் வசதி ஆடாசிட்டியில் உண்டு, `Analyze` மெனுவில் `Label Sounds`. இடைவெளி தெளிவாக உள்ள திரைப்பாடல் தட்டுக்கு ஓரளவு உதவும். நாதஸ்வரத் தட்டில் இரண்டு விதமாகத் தவறுகிறது. இரண்டு பாட்டுக்கு நடுவிலும் தட்டின் சலசலப்பு ஓடுவதால் அங்கே அமைதி இல்லை என்று நினைக்கிறது. ஆலாபனையில் வித்துவான் மூச்சுக்கு நிறுத்தி ஒத்து மட்டும் தாழ்வாக ஒலிக்கும் இடத்தை அமைதி என்று நினைத்து வெட்டுகிறது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு உருப்படிதான். கையாலேயே குறித்துவிடலாம்.

பாட்டு தொடங்கும் இடத்துக்குக் கால் நொடி முன்னால் சொடுக்கி `Ctrl+B` அழுத்தினால் ஒரு லேபிள் விழும். அதிலேயே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். தமிழிலேயே எழுதலாம். எங்கே தொடங்குகிறது என்பதில் ஒரு கவனம் தேவை. உருப்படி ஒத்தில் தொடங்குகிறது, நாதஸ்வரத்தில் இல்லை. ஒத்து மெதுவாக எழுவதால் சிறிதாகத் தெரியும் அலையில் அது கண்ணுக்குப் படாது. நாதஸ்வரத்தின் முதல் ஸ்வரத்தில் லேபிள் வைத்தால், சுருதி பாதியில் வெட்டுப்பட்டுத் தொடங்கும், அதன் தொடக்கம் முந்தைய பாட்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஹெட்போனில் கேட்டே இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஆலாபனையையும் அதைத் தொடரும் கீர்த்தனையையும் பிரிக்கலாமா? தட்டில் அவற்றுக்கு நடுவே இடைவெளி கிடையாது, ஒரே ஓட்டம். நான் பிரிப்பதில்லை. ஆலாபனை கீர்த்தனையில் போய் அமரும் அந்தக் கணத்தைக் கோப்பின் விளிம்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிக்க விரும்பினால் FLAC மட்டும் பயன்படுத்துங்கள். எம்பி3 வடிவம் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் நூலளவு வெற்றொலி சேர்ப்பதால் பல கருவிகளில் இணைப்பில் ஒரு விக்கல் கேட்கும்.

குறித்து முடித்ததும் `File` > `Export Other` > `Export Labels` கொண்டு லேபிள்களை ஓர் எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். என் முதல் பக்கத்தின் கோப்பு இது. தொடக்கம், முடிவு, பெயர் என்ற வரிசையில் நொடிக் கணக்கு:

```
9.400000	9.400000	மல்லாரி - கம்பீரநாட்டை
291.150000	291.150000	கீர்த்தனை - கல்யாணி
704.800000	704.800000	ஆலாபனையும் கீர்த்தனையும் - தோடி
1372.600000	1372.600000	வால்
```

கடைசியில் உள்ள 'வால்' ஓர் எளிய ஏற்பாடு. லேபிள் ஒற்றைப் புள்ளியாக இருந்தால், ஒரு கோப்பு அந்த லேபிளிலிருந்து அடுத்த லேபிள் வரை நீளும். தோடிக்குப் பிறகு லேபிள் இல்லாவிட்டால் உள்வட்ட வெறுந்தடமும் ஊசியைத் தூக்கும் 'டக்'கும் அந்தக் கோப்பிலேயே சேரும். 'வால்' இருப்பதால் அவை தனிக் கோப்பாகிவிடும், அதை அழித்துவிடலாம். முதல் லேபிளுக்கு முன்னுள்ள ஊசி இறங்கும் சத்தமும் சேராது. `Include audio before first label` என்ற கட்டத்தில் குறி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மல்லாரியின் தொடக்கத்தில் கால் நொடி `Fade In`, தோடியின் முடிவில் இசை முழுவதும் அடங்கிய பின் இரண்டு நொடி `Fade Out` கொடுங்கள். நடுவிலுள்ள இடைவெளிகளில் சலசலப்பை அழித்து முழு அமைதியாக்காதீர்கள். சலசலப்பு திடீரென்று நின்று மறுபடி தொடங்குவது, அது ஓடிக்கொண்டே இருப்பதைவிட உறுத்தும்.

பிறகு `File` > `Export Audio`. `Multiple Files`, அதன் கீழே `Labels`, பெயரிடும் இடத்தில் `Numbering before Label/Track Name`. வரிசை எண் முன்னால் இருந்தால்தான் எந்தக் கருவியிலும் தட்டின் வரிசை குலையாது. வடிவம் FLAC, 24 பிட். கைப்பேசிக்கு வேண்டுமானால் அதே லேபிள்களோடு எம்பி3 ஆக இன்னொரு முறை எடுங்கள். வித்துவான்கள் பெயர், தவில் வாசித்தவர் பெயர், தட்டின் எண் எல்லாவற்றையும் கோப்பின் விவரங்களில் எழுதுங்கள். பல கோப்புகளில் தவில்காரர் பெயர் விடுபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். உறையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அது இருக்கும்.

ஏற்றுமதி முடிந்ததும் ஒவ்வொரு கோப்பின் முதல் ஐந்து நொடியையும் கடைசி ஐந்து நொடியையும் கேளுங்கள். என் இரண்டாம் முயற்சியில் கல்யாணியின் கடைசியில், தோடிக்கான ஒத்து தொடங்கும் சத்தம் அரை நொடி ஒட்டிக்கொண்டிருந்தது. லேபிள் கோப்பின் மூன்றாம் வரியில் 704.8 என்று இருக்கும் இரண்டு இடங்களையும் 704.2 ஆக்கி, பழைய லேபிள் தடத்தை அழித்து, திருத்தியதை `Import` வழியாக உள்ளே கொண்டுவந்து, மறுபடி ஏற்றுமதி செய்தேன். ஐந்து நிமிட வேலை. இப்போது கல்யாணி தன் சுருதியிலேயே அடங்குகிறது.